ஆறு இலக்கம் கேட்ட கீபோர்டும் எதுவுமே கேட்காத இயர்பட்ஸும்

கேள்வி: பலர் சேர்ந்து உட்காரும் கூடத்தில் வேலை செய்கிறேன். ப்ளூடூத் கீபோர்டை முதல்முறை சேர்த்தபோது திரையில் ஆறு இலக்க எண் வந்தது. அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்டச் சொன்னது. இயர்பட்ஸ் எதுவுமே கேட்கவில்லை, பெயரைத் தொட்டதும் சேர்ந்துகொண்டது. எண் கேட்டதால் கீபோர்டு பாதுகாப்பானது, கேட்காததால் இயர்பட்ஸ் ஆபத்தானது என்று எடுத்துக்கொள்ளலாமா? பக்கத்தில் இருப்பவர் நான் அடிக்கும் பாஸ்வேர்டையோ பேசுவதையோ பிடித்துவிட முடியுமா? லேப்டாப்பில் லினக்ஸ், ஃபோன் ஆண்ட்ராய்டு.

பதில்:

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் விஷயத்தில் நிலைமை தலைகீழாகவே இருக்கலாம். எண் கேட்ட கீபோர்டின் எழுத்துகளை ஒருவர் சத்தமில்லாமல் பதிவு செய்து படிக்கக்கூடும்; எதுவும் கேட்காத இயர்பட்ஸை அதே வழியில் ஒட்டுக்கேட்க முடியாமலும் போகலாம். இயர்பட்ஸுக்கு வரும் ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். கீபோர்டில்தான் நுணுக்கம் அதிகம் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம்.

முதலில் ஒரு அடிப்படை. இரண்டு கருவிகள் பேரிங் செய்யும்போது நடப்பது ஒன்றே ஒன்றுதான்: இனி பேசப்போவதையெல்லாம் பூட்டுவதற்கு ஒரு நிரந்தரச் சாவியை இருவரும் உண்டாக்கிச் சேமித்துக்கொள்கிறார்கள். திரையில் எண் வருகிறதா, 'ஆம்' என்று அழுத்தச் சொல்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லையா என்பது அந்தக் கருவிகளில் திரையும் விசைகளும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து அமைகிறது. பேரிங் தொடங்கும்போதே ஒவ்வொரு கருவியும் தன் வசதியைச் சொல்லிவிடும். கீபோர்டு 'என்னிடம் விசைகள் மட்டும் உண்டு' என்னும். லேப்டாப் 'என்னிடம் திரையும் உண்டு' என்னும். அதனால் திரை எண்ணைக் காட்ட, நீங்கள் அடிக்கும் பாஸ்கீ முறை தேர்வாகிறது. இயர்பட்ஸ் 'என்னிடம் இரண்டும் இல்லை' என்பதால் ஜஸ்ட் ஒர்க்ஸ் என்ற முறைதான் மிச்சம். இரண்டு பக்கமும் திரை இருந்தால், இரண்டிலும் ஒரே எண் தெரிகிறதா என்று ஒப்பிடச் சொல்லும் நியூமரிக் கம்பேரிசன் வரும். ஃபோனையும் காரையும் சேர்க்கும்போது பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் கண்ணால் பார்ப்பது இவ்வளவுதான். இதற்கு அடியில், சாவி உண்டாகும் கணக்கு எது என்ற இன்னொரு தேர்வும் நடக்கிறது. அது திரையில் தெரிவதே இல்லை. ஒட்டுக்கேட்க முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது அந்தக் கணக்குதான்.

இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவை பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ப்ளூடூத் லோ எனர்ஜியில் ஓடுகின்றன. 2010-ல் 4.0 பதிப்போடு அது வந்தபோது அதனுடன் வந்த பேரிங் கணக்கை இப்போது லெகசி பேரிங் என்கிறார்கள். 2014 இறுதியில் 4.2 பதிப்பில் செக்யூர் கனெக்‌ஷன்ஸ் என்ற புதிய கணக்கு வந்தது. லெகசியில் உங்கள் ஆறு இலக்கத்துக்கு என்ன ஆகிறது என்பதை ஓர் எண்ணை வைத்தே பார்க்கலாம்.

திரையில் 482913 என்று வருகிறது, நீங்கள் அடிக்கிறீர்கள். லேப்டாப்பும் கீபோர்டும் அந்த எண்ணையே தற்காலிகச் சாவியாக வைத்துக்கொள்கின்றன. பெயருக்கு அது 128 பிட் சாவி. உள்ளே இருப்பது 482913 மட்டும். மீதி இடமெல்லாம் சுழியம். பிறகு இரு பக்கமும் ஆளுக்கொரு சீரற்ற எண்ணை எடுத்து, அதைத் தற்காலிகச் சாவியோடு சேர்த்துக் கலக்கி, வந்த விடையை மற்றவருக்கு அனுப்புகின்றன. அடுத்து, கலக்கிய சீரற்ற எண்ணையும் அப்படியே திறந்த வெளியில் அனுப்புகின்றன. எதிர்ப்பக்கம் தன் சாவியால் அதைக் கலக்கிப் பார்த்து, முதலில் வந்த விடையோடு பொருந்தினால் 'சரி, இவருக்கும் எண் தெரியும்' என்று ஏற்றுக்கொள்கிறது.

இப்போது பக்கத்து மேஜையில் ஒரு சின்ன ஸ்னிஃபர் இந்த உரையாடலைப் பதிவு செய்துவிட்டது என்று வையுங்கள். யுஎஸ்பி பென்டிரைவ் அளவில் விற்கும் டெவலப்மென்ட் போர்டு போதும். பதிவில் விடையும் இருக்கிறது, சீரற்ற எண்ணும் இருக்கிறது. தெரியாதது தற்காலிகச் சாவி மட்டும். அது 000000-லிருந்து 999999 வரைக்குள்தான் இருந்தாக வேண்டும், அதாவது பத்து லட்சம் வாய்ப்புகள். ஒவ்வொன்றையும் சோதிக்க, ஏஇஎஸ் என்ற பூட்டும் கணக்கை இரண்டு தடவை போட வேண்டும் என்றால் மொத்தம் இருபது லட்சம். சாதாரண லேப்டாப் இதை ஒரு நொடிக்குள் முடித்துவிடும். 482913-க்கு வரும்போது விடை பொருந்துகிறது. அதிலிருந்து அந்த அமர்வின் சாவி கிடைக்கிறது. அந்தச் சாவியால் பூட்டி அனுப்பப்பட்ட நிரந்தரச் சாவியும் அடுத்த பாக்கெட்டிலேயே கிடைத்துவிடுகிறது. 2013-ல் மைக் ரயன் வெளியிட்ட கிராக்கிள் என்ற இலவசக் கருவி செய்வது இதைத்தான். லெகசியில் ஜஸ்ட் ஒர்க்ஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே தற்காலிகச் சாவி வெறும் சுழியம், தேடவே வேண்டாம்.

ஆக, லெகசியில் அந்த ஆறு இலக்கம் காதுகளைத் தடுப்பதில்லை. நடுவில் புகுந்து 'நான்தான் கீபோர்டு' என்று அந்த நொடியிலேயே நடிப்பவருக்குத்தான் அது தடை. சும்மா கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு நொடி வேலை.

செக்யூர் கனெக்‌ஷன்ஸில் நீங்கள் செய்வது அதே வேலைதான்: எண்ணைப் பார்த்து அடிக்கிறீர்கள். ஆனால் சாவி அந்த எண்ணிலிருந்து பிறப்பதில்லை. இரு கருவிகளும் டிஃபி-ஹெல்மன் முறையில் ஆளுக்கொரு பொதுச் சாவியைப் பரிமாறிக்கொண்டு, தங்களிடம் மட்டும் உள்ள ரகசியப் பாதியோடு அதைச் சேர்த்து, காற்றில் பறக்காத ஒரு பொது ரகசியத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. ஆறு இலக்கம், அந்தப் பொதுச் சாவி உண்மையிலேயே எதிரில் இருக்கும் கருவியுடையதுதானா என்று சரிபார்க்க மட்டும். அதையும் ஒரேயடியாகச் சரிபார்ப்பதில்லை, ஒவ்வொரு பிட்டாக இருபது சுற்றுகளில் சரிபார்க்கின்றன. ஒட்டுக்கேட்பவர் இருபது சுற்றையும் பதிவு செய்தால் ஆறு இலக்கம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் சாவி கிடைக்காது, அடுத்த பேரிங்குக்குப் புது எண் வந்துவிடும். எண்ணை ஸ்டிக்கரில் அச்சிட்டு நிரந்தரமாக ஒட்டிவைத்த கருவிகளில்தான் இது ஓட்டையாகிறது. அடுத்த முறை பேரிங் நடக்கும்போது, எண்ணைத் தெரிந்துகொண்டவர் நடுவில் புகுந்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லோ எனர்ஜிக்கு முன்பிருந்த கிளாசிக் ப்ளூடூத்தில் 2007-லேயே, 2.1 பதிப்பில், டிஃபி-ஹெல்மன் வந்துவிட்டது. அதனால் ஆறு இலக்கம் கேட்கும் பழைய கிளாசிக் கீபோர்டு, அதற்குப் பிறகு வந்த லெகசி லோ எனர்ஜி கீபோர்டைவிட ஒட்டுக்கேட்புக்கு எதிராக வலுவாக இருந்திருக்கிறது. புதியது என்பதாலேயே நம்பிவிட முடியாது. பெட்டியில் '5.0', '5.3' என்று அச்சிட்டிருப்பதும் அப்படித்தான். அந்தச் சிப் செக்யூர் கனெக்‌ஷன்ஸ் பேசத் தெரிந்ததாக இருக்கலாம். கீபோர்டு செய்தவர் அதை ஃபெர்ம்வேரில் இயக்கினாரா என்பது வேறு. ஒரு பக்கம் செக்யூர் கனெக்‌ஷன்ஸ் தெரியாது என்று சொல்லிவிட்டால், மறுபக்கம் எவ்வளவு புதிதானாலும் சாதாரண அமைப்பில் இருவரும் லெகசிக்கு இறங்கிவிடுவார்கள். எந்த எச்சரிக்கையும் வராது.

நீங்கள் லினக்ஸ் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. அங்கே இதைச் சில விநாடிகளில் பார்த்துவிடலாம். லினக்ஸின் ப்ளூடூத் மென்பொருளான ப்ளூஇசட் ஒவ்வொரு கருவியின் சாவியையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. கீழே உள்ள கட்டளை சாவியைக் காட்டாமல், அதன் தன்மையை மட்டும் காட்டும்:

```
sudo sh -c 'grep -hE "^(Name|Authenticated|EncSize|EDiv|Type)=" /var/lib/bluetooth/*/*/info'
```

கீபோர்டின் பெயருக்குக் கீழே `EDiv` என்ற வரியைப் பாருங்கள். அது 0 என்றால் செக்யூர் கனெக்‌ஷன்ஸ். 21874 போல ஏதாவது எண் இருந்தால் லெகசி. `Authenticated` வரி இதையே இன்னும் துல்லியமாகச் சொல்லும். 0 என்றால் லெகசி, எண் கேட்காதது. 1 என்றால் லெகசி, எண் கேட்டது. 2 என்றால் செக்யூர் கனெக்‌ஷன்ஸ், எண் கேட்காதது. 3 என்றால் செக்யூர் கனெக்‌ஷன்ஸ், எண்ணும் கேட்டது. உங்கள் கீபோர்டு எண் கேட்டதால் 1 அல்லது 3 வர வேண்டும். 3 என்றால் நிம்மதி. 1 என்றால் மேலே 482913-க்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். ஒரே கருவிக்கு இந்த வரிகள் இரண்டு தடவை வந்தால் குழம்ப வேண்டாம், லெகசியில் இரு பக்கமும் ஆளுக்கொரு சாவி கொடுப்பதால் வருவது அது.

`EDiv` வராமல் `Type` என்ற வரி மட்டும் வந்தால் உங்கள் கீபோர்டு கிளாசிக் ப்ளூடூத். அங்கே 5 அல்லது 8 இருந்தால், டிஃபி-ஹெல்மனும் எண் சரிபார்ப்பும் இரண்டுமே நடந்திருக்கின்றன. 0 இருந்தால் அது 2007-க்கு முந்தைய 'பின்' நம்பர் முறை. '0000' அடிக்கச் சொல்லும் பழைய கருவிகள் இந்த வகை. அவற்றில் பாஸ்வேர்டு அடிப்பதை இன்றே விட்டுவிடலாம்.

அந்தக் கோப்பை முழுதாகத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். `Key=` வரியில் இருப்பது நிரந்தரச் சாவியேதான்.

கீபோர்டை ஆண்ட்ராய்டில் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு வழி கொஞ்சம் சுற்று. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ப்ளூடூத் எச்சிஐ ஸ்னூப் லாகை இயக்கி, ப்ளூடூத்தை அணைத்துப் போட்டு, கீபோர்டை நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். பிறகு பக் ரிப்போர்ட் எடுத்து, அதிலுள்ள லாகை வயர்ஷார்க்கில் திறந்து, ஃபில்டரில் `btsmp` என்று போட்டால் பேரிங் உரையாடல் மட்டும் நிற்கும். அதில் கீபோர்டு அனுப்பிய `Pairing Response`-ல் `AuthReq` என்ற ஒற்றை பைட்டைப் பாருங்கள். `0x05` என்றால் எண் சரிபார்ப்பு உண்டு, செக்யூர் கனெக்‌ஷன்ஸ் இல்லை. `0x0d` என்றால் இரண்டும் உண்டு. ஃபோன் அனுப்பும் `Pairing Request`-ல் இன்னும் பெரிய எண் இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. குறைவாகத் தெரிந்தவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் நடக்கும்.

சரி, `Authenticated` வரியில் 1 என்று வந்துவிட்டது, அதாவது உங்கள் கீபோர்டு லெகசி என்று வைத்துக்கொள்வோம். இப்போதே யாரோ படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமா? இல்லை. ஒட்டுக்கேட்பவருக்குப் பேரிங் நடந்த அந்தச் சில நொடிகள் கட்டாயம் தேவை. அது இல்லாமல் மாதக்கணக்கில் பதிவு செய்தாலும் அவர் கையில் இருப்பது பூட்டிய பாக்கெட்டுகள்தான். அந்த நொடிகளைப் பிடிப்பதும் எளிதல்ல. இணைப்புக்கு முந்தைய அறிவிப்புகள் மூன்று சேனல்களில் மாறி மாறி வரும், இணைந்த பிறகு பேச்சு 37 சேனல்களில் தாவும். ஆரம்பப் பாக்கெட்டைத் தவறவிட்ட மலிவான ஸ்னிஃபருக்கு மீதியைப் பின்தொடர்வது கடினம்.

ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் நிலைமை அவருக்குச் சாதகம். நிரந்தரச் சாவி, நீங்கள் கீபோர்டை நீக்கி மறுபடி சேர்க்கும்வரை மாறாது. ஒவ்வொரு இணைப்பிலும் அதிலிருந்து ஒரு புது அமர்வுச் சாவி பிறக்கிறது. அதற்குத் தேவையான மற்றப் பகுதிகள் திறந்த வெளியிலேயே போகின்றன. எனவே அவர் ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்தையும் பிடித்தாக வேண்டும். வேறு கருவியென்றால் இது தொல்லை. கீபோர்டோ பேட்டரிக்காகச் சில நிமிடம் தொடாவிட்டால் தூங்கிவிடும், முதல் விசையைத் தட்டியதும் மறுபடி இணையும். நீங்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு புது வாய்ப்பு. திரும்பி வந்ததும் நாம் முதலில் அடிப்பது என்ன? ஸ்கிரீன் லாக்கைத் திறக்கும் பாஸ்வேர்டு.

பேரிங்கின்போது அவர் அங்கே இல்லையென்றால்? மறுபடி பேரிங் செய்ய உங்களைத் தூண்டுவார். இரைச்சல் கொடுத்து இணைப்பைத் திரும்பத் திரும்ப அறுத்தால் போதும். 'கீபோர்டு மக்கர் செய்கிறது' என்று சொல்லிக்கொண்டு யாரும் செய்வதைத்தான் நீங்களும் செய்வீர்கள்: பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அங்கேயே, அதே மேஜையில், மறுபடி சேர்ப்பீர்கள். எனவே லெகசி கீபோர்டுக்கு என் முதல் ஆலோசனை இது. இப்போதிருக்கும் பேரிங்கை இரண்டு பக்கமும் அழித்துவிட்டு, வீட்டில் தனியறையில் ஒரே ஒருமுறை சேருங்கள். கூடத்தில் எவ்வளவு மக்கர் செய்தாலும் அங்கே மறுபடி சேர்க்காதீர்கள்; முதலில் பேட்டரியைப் பாருங்கள், பிறகு லேப்டாப்பின் சொந்த விசைகளில் அடித்துச் சமாளியுங்கள். இரண்டு மூன்று கருவிகளுக்கு மாறும் பொத்தான் உள்ள கீபோர்டு என்றால் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிச் சாவி. எல்லாவற்றையும் இப்படியே செய்ய வேண்டும்.

இது தற்காலிக ஏற்பாடுதான். வாடிக்கையாளர் தகவல், வங்கிக் கணக்கு, சர்வர் பாஸ்வேர்டு எல்லாம் அந்தக் கூடத்தில் அடிப்பவராக இருந்தால் கீபோர்டை மாற்றிவிடுங்கள், அல்லது யுஎஸ்பி கேபிளில் உண்மையாகவே தட்டச்சு போகும் மாடலாக வாங்குங்கள். கேபிளைச் செருகினாலும் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டு, எழுத்துகள் ப்ளூடூத்திலேயே போகும் கீபோர்டுகள் இருக்கின்றன. கேபிளைச் செருகிவிட்டு லேப்டாப்பின் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். எழுத்து வந்தால்தான் அது கேபிள் கீபோர்டு.

புதிதாக வாங்கியது லெகசிக்கு இறங்காமல் இருக்கிறதா என்று லேப்டாப்பையே காவல் வைக்கவும் முடியும். `/etc/bluetooth/main.conf` கோப்பின் `[General]` பகுதியில் `SecureConnections = only` என்று வைத்து ப்ளூடூத் சேவையை மறுபடி தொடங்கினால், லெகசிக் கருவிகளை லேப்டாப் ஏற்காது. ஆனால் இது கண்டிப்பான காவல்காரர். எண் கேட்காத மவுஸ், இயர்பட்ஸ் எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கீபோர்டு மட்டுமே ப்ளூடூத்தில் ஓடும் லேப்டாப்புக்குத்தான் இது பொருந்தும்.

உங்கள் கீபோர்டோடு ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிள் வந்திருந்து அதன் வழியாக ஓடுகிறது என்றால், இதுவரை சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது. அவை பெரும்பாலும் ப்ளூடூத் அல்ல, தயாரிப்பாளரின் சொந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை. 2016-ல் கீஸ்னிஃபர் என்ற பெயரில் வெளிவந்த ஆய்வில், எந்தப் பூட்டும் இல்லாமல் எழுத்துகளை அப்படியே காற்றில் விடும் டாங்கிள் கீபோர்டுகளே அகப்பட்டன.

இனி இயர்பட்ஸ். பாட்டும் பேச்சும் இன்னும் பெரும்பாலும் கிளாசிக் ப்ளூடூத்தில்தான் போகின்றன. அங்கே ஜஸ்ட் ஒர்க்ஸ் என்றாலும் அடியில் டிஃபி-ஹெல்மன் இருக்கிறது. பேரிங்கைப் பதிவு செய்தவருக்கும் சாவி கிடைக்காது. கேட்காத எண் இங்கே ஒட்டுக்கேட்பவருக்கு உதவவில்லை. சாவியின் நீளத்தை ஒரு பைட்டாகக் குறைக்கவைத்து 256 வாய்ப்புகளில் உடைக்கும் நாப் என்ற தாக்குதல் 2019-ல் வெளிவந்தது உண்மை. அதற்குப் பிறகு ஃபோன்கள் குறைந்தது ஏழு பைட் இல்லாமல் இணைய மறுக்கும்படி திருத்தப்பட்டன. உங்கள் ஆண்ட்ராய்டின் செக்யூரிட்டி பேட்ச் தேதி அதற்குப் பிந்தியது என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஜஸ்ட் ஒர்க்ஸின் பலவீனம் வேறு. எதிரில் இருப்பது யார் என்று அது கேட்பதே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: நீங்கள் பேரிங் பொத்தானை அழுத்தாதபோதும் உங்கள் இயர்பட்ஸ் முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்துவிடுமா? சேர்ந்துவிட்டால் அவர் எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டாம். அவர் லேப்டாப் உங்கள் இயர்பட்ஸின் இன்னொரு 'ஃபோன்'. மைக்கைத் திறந்து, நீங்கள் இருக்கும் அறையின் பேச்சைப் பதிவு செய்யலாம். 2024-ல் ஸ்பெயினின் டார்லாஜிக் நிறுவனம் ப்ளூஸ்பை என்ற பெயரில் காட்டியது இதைத்தான்.

இதை இரண்டு ஃபோன்களோடு நீங்களே சோதிக்கலாம். இதுவரை அந்த இயர்பட்ஸைப் பார்த்திராத ஒரு ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஃபோனில் பாட்டை ஓடவிட்டு, இரண்டாவது ஃபோனில் புதிய கருவியைத் தேடுங்கள். இயர்பட்ஸின் பெயர் வந்தால் தொட்டுப் பாருங்கள். சேர்ந்துகொண்டால் அது மோசமான செய்தி. பெரும்பாலும் சேராது. அடுத்ததுதான் முக்கியம். உங்கள் ஃபோனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, இயர்பட்ஸைப் பெட்டிக்கு வெளியே மேஜையில் வைத்து, ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி தேடுங்கள். பழகிய ஃபோன் கிடைக்காவிட்டால் வசதிக்காகத் தானாகவே பேரிங் நிலைக்குப் போய்விடும் மாடல்கள் உண்டு. அப்படியென்றால் நீங்கள் ஃபோனை அணைத்துவிட்டு மீட்டிங்கில் இயர்பட்ஸை மேஜைமேல் போட்டு வைக்கும் நேரம்தான் திறந்த வாசல். பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் மைக்கும் ரேடியோவும் ஓய்ந்துவிடும். இந்த வகைக்கு அந்த ஒரு பழக்கமே போதும். சோதனை முடிந்ததும் இரண்டாவது ஃபோனில் இயர்பட்ஸை நீக்கிவிடுங்கள்.

பெயர் வரவில்லை என்றால் வாசல் சாத்தியிருக்கிறது என்று நிரூபணமாகிவிடாது. தேடலில் தன்னைக் காட்டாத கருவியையும் அதன் முகவரி தெரிந்தவர் நேராகக் கூப்பிடலாம். ஏற்பதா மறுப்பதா என்பது ஃபெர்ம்வேரின் கையில். அந்த ஃபெர்ம்வேர் தவறியதற்கு அண்மையில் இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. பல நிறுவனங்களின் இயர்பட்ஸுக்குள் இருக்கும் ஏரோஹா சிப்களில், பேரிங்கே இல்லாமல் உள்ளே நுழைய விட்ட ஓட்டைகளை 2025-ல் ஜெர்மனியின் ஈஆர்என்டபிள்யூ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். `CVE-2025-20700` முதல் `20702` வரை அவற்றின் எண்கள். 2026 ஜனவரியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விஸ்பர்பேர் என்ற பெயரில் இன்னொன்றைச் சொன்னார்கள். ஒரே தொடலில் கருவியைச் சேர்க்கும் கூகுளின் ஃபாஸ்ட் பேர் முறைப்படி, பேரிங் நிலையில் இல்லாதபோது வரும் அழைப்பை இயர்பட்ஸ் கண்டுகொள்ளக் கூடாது. பல மாடல்கள் அந்தச் சோதனையைச் செய்யாமலேயே ஏற்றுக்கொண்டன.

இந்த இரண்டிலும் ஃபோனில் எதை மாற்றினாலும் பயனில்லை. ஃபாஸ்ட் பேரை உங்கள் ஃபோனில் அணைத்தாலும், ஐபோனுக்கு மாறினாலும், ஓட்டை இயர்பட்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவர் போவார்; மறுபடி வருவதைத் தடுக்காது. தயாரிப்பாளரின் ஆப்பை நிறுவி ஃபெர்ம்வேரைப் புதுப்பிப்பது ஒன்றே வழி. இயர்பட்ஸ் ஆப் இல்லாமலே ஓடுவதால் பலர் அதை நிறுவுவதே இல்லை, ஆகவே வாங்கிய அன்றிருந்த ஃபெர்ம்வேரே கடைசிவரை ஓடும். புதுப்பித்துவிட்டு ரீசெட் செய்யுங்கள், இந்த வரிசையில். ஆப்பே இல்லாத மாடல் என்றால் ரகசியம் பேசும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

யாராவது மைக்கைத் திறந்தால் தெரியுமா? காதில் இருந்தால் பெரும்பாலும் தெரியும். கிளாசிக் ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. மைக் திறந்ததும் இயர்பட்ஸ் பேச்சு வழிக்கு மாறும்; ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடும், அல்லது தொலைபேசியில் கேட்பதுபோல மட்டமாகிவிடும். அழைப்பு எதுவும் இல்லாதபோது இப்படி ஆனாலோ, நீங்கள் எதையும் தொடாதபோது 'கனெக்டட்' என்ற ஒலி காதில் கேட்டாலோ, உடனே பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். முதலில் உங்கள் ஃபோனிலும் லேப்டாப்பிலும் ஏதாவது ஆப் மைக்கைக் கேட்டதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை, பின்னணியில் திறந்திருக்கும் மீட்டிங் ஆப்தான் காரணமாக இருக்கும். இரண்டிலும் எதுவும் இல்லையென்றால் ரீசெட் செய்யுங்கள். மேஜைமேல் கிடக்கும் இயர்பட்ஸில் இந்த அடையாளம் எதுவும் உங்களுக்குத் தெரியாது.